கண்ணாடி மேசைக்கு அடியில் பிடித்த தீ: ஒரு பியூட்டி பார்லர் நிகழ்வு ஆய்வு

தென்மாவட்டச் சிறு நகரம் ஒன்றில், ஒரு முகூர்த்த நாள் விடியற்காலையில் நடந்தது இது. பார்லர் உரிமையாளர், பணியாளர்கள், அன்றைக்கு அங்கிருந்த மணப்பெண் வீட்டார் யாருடைய பெயரும் இதில் இல்லை. எழுதச் சம்மதம் கேட்டபோது உரிமையாளர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஷார்ட் சர்க்யூட்னு மட்டும் எழுதிடாதீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நீங்க பார்த்ததை எழுதுங்க."

நான் மின்வேலை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவன். தீ அணைந்த மறுநாள் காலையிலிருந்து அந்தக் கடையைப் பார்த்தேன், பிறகு அதன் மறுவயரிங்கையும் செய்தேன். அதற்கு மூன்று மாதம் முன்பும் ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

## பின்னணி

பார்லர் முதல் மாடியில் இருக்கிறது. முன்பு குடியிருப்பாக இருந்த வீடு. நுழைந்ததும் கூடம், அதில் சுவரோரமாக மூன்று கண்ணாடி, மூன்று நாற்காலி. பின்னால் மணப்பெண் அலங்காரத்துக்கு ஒரு சிறிய உள்ளறை, அதை ஒட்டிச் சாமான் வைக்கும் அறை. வெளியே போக ஒரே வழி, கூடத்தின் முன்கதவு. அப்புறம் ஒரே படிக்கட்டு.

வீட்டுக்குப் போட்ட வயரிங்தான் பார்லருக்கும் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் இருந்த பிளக் பாயிண்டுகள் எல்லாம் 6 ஆம்ப். டிவி, மிக்ஸி, அயர்ன் பாக்ஸுக்காகப் போட்ட ஒன்றரை எம்எம் ஒயர், அதற்குக் கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஒரு 10 ஆம்ப் எம்.சி.பி. சுவிட்ச். பார்லர் வந்த பிறகு இரண்டு ஹேர் டிரையர் சேர்ந்து ஓடினால் அந்த எம்.சி.பி. விழுந்துகொண்டே இருந்தது. வாடிக்கையாளரின் தலை பாதி ஈரமாக இருக்கும்போது கரண்ட் போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஒருவரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் 10 ஆம்பைக் கழற்றி 20 ஆம்ப் எம்.சி.பி. மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு அது விழுவது நின்றது. பிரச்சினை தீர்ந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள்.

நடுக் கண்ணாடி மேசைக்கு அடியில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடந்தது. அதன் ஒயர் நீளமாக இருந்ததால் சுருட்டி, டேக் போட்டுக் கட்டியிருந்தார்கள். தொழில்முறை டிரையர்களின் பிளக் தடித்த பின்னுள்ள 16 ஆம்ப் வகை, 6 ஆம்ப் துளையில் ஏறாது. அதனால் இரண்டு டிரையருக்கும் கடையில் கிடைக்கும் கன்வர்ஷன் பிளக் வாங்கிச் சொருகியிருந்தார்கள். ஒயர்கள் கண்ணுக்குத் தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று மேசையைச் சுற்றி, தரையைத் தொடும்படி சுருக்கம் வைத்த சாட்டின் துணி கட்டியிருந்தது. அந்தத் துணிக்குப் பின்னால் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் சீப்பு, கிளிப், துண்டு, மூன்று ஹேர் ஸ்பிரே டின்.

## அன்றைய காலை

முகூர்த்தம் ஏழரைக்கு. மணப்பெண், தாய், தங்கை மூவரும் நான்கு மணிக்கே வந்துவிட்டார்கள். கடையில் உரிமையாளர், மூத்த பணியாளர், இருபத்திரண்டு வயது உதவியாளர். ஏ.சி. ஓடியது, கதவு சாத்தியிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் குளிர் நிற்காது என்று அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதுதான் அங்கே வழக்கம்.

நாலரை மணி வாக்கில் மணப்பெண்ணுக்குக் கொண்டை போட்டு, ஸ்பிரே அடித்து முடித்து, புடவை கட்ட உள்ளறைக்கு அழைத்துப் போனார் உரிமையாளர். கூடத்தில் தாய்க்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் தலை உலர்த்தும் வேலை நடந்தது. ஒரு டிரையர் 2000 வாட், இன்னொன்று 1800 வாட். தங்கை உட்கார்ந்திருந்தது நடு நாற்காலியில்.

உதவியாளர் பிறகு என்னிடம் சொன்னது: ஏதோ மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை வந்தது. கலர், பிளீச், ஸ்பிரே வாடைக்கு நடுவே முதலில் பெரிதாகத் தோன்றவில்லை. இரண்டு மூன்று நிமிடம் கழித்து அது கருகும் வாடையாக மாறியது. துணியை விலக்கிக் குனிந்து, கை வைத்துப் பார்த்தார். பிளக் சுட்டது. டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடித்து இழுத்தார்.

"புஸ்ஸுனு கீழேயிருந்து நீலமா வந்துச்சுண்ணே. என் கைமேல, மொகத்துமேல வந்துட்டு அப்படியே துணியில ஏறிடுச்சு."

## அந்த மூன்று நிமிடங்கள்

உதவியாளரின் வலது கையும் முன்கையும் வெந்தன. புருவம் கருகியது. தங்கையின் பாதத்தில் அனல் பட்டது, பாவாடை ஓரம் பொசுங்கியது. மூத்த பணியாளர் அவரை நாற்காலியோடு பின்னுக்கு இழுத்துவிட்டார். சாட்டின் துணி மளமளவென்று எரிந்தது.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்த உரிமையாளரின் நிலைமைதான் மிகவும் கடினமானது. தீ நடு மேசையில். மணப்பெண் உள்ளறையில், பாதி கட்டிய பட்டுப்புடவையோடு. வெளியே போகத் தீயைக் கடந்துதான் போக வேண்டும். உள்ளறையில் ஒரு ஜன்னல் உண்டு, ஆனால் அதில் வெல்டிங் வைத்த கம்பி.

அவருக்கு முன்னால் மூன்று வழி இருந்தன. சாமான் அறையிலிருக்கும் தீயணைப்பானை எடுக்கலாம். அது 2 கிலோ பவுடர் வகை, அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் எங்கோ இருந்தது, எங்கே என்று அவருக்கே நிச்சயமில்லை. உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு உதவிக்குக் காத்திருக்கலாம். அல்லது இப்போதே கடந்துவிடலாம். தீ அப்போது மேசை உயரத்துக்குத்தான் இருந்தது, எதிர்ச் சுவரோரம் நான்கடி இடம் இருந்தது. மணப்பெண்ணின் புடவையை முழங்காலுக்கு மேலே சேர்த்துப் பிடித்து, ஈரத் துண்டால் தலையை மூடி, எதிர்ச் சுவரை ஒட்டி அழைத்து வந்தார். வரும்போது உள்ளறைக் கதவை இழுத்துச் சாத்தினார். முன்கதவுக்குப் பக்கத்தில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தார். விளக்கு போய் இருட்டானது, ஆனால் கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

படிக்கட்டில் இறங்கும்போது மணப்பெண்ணின் தாய் திரும்பினார். நகைப் பை உள்ளறையில் இருந்தது. உரிமையாளர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த நேரத்தில்தான் உள்ளே பட்டாசு போல ஒரு வெடி, சில நொடியில் இன்னொன்று. கூடையில் இருந்த ஸ்பிரே டின்கள். தடுக்காமல் விட்டிருந்தால் அந்தத் தாய் அப்போது கூடத்தின் நடுவில் இருந்திருப்பார்.

கீழே டீக்கடையிலிருந்து 101-க்கு அழைத்தார்கள். கால் மணி நேரத்துக்குள் வண்டி வந்தது. நடு மேசை, அதன் கண்ணாடிச் சட்டம், இரண்டு நாற்காலி, மேலே ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பகுதி எரிந்திருந்தன. கதவு சாத்தியிருந்த உள்ளறைக்குள் புகை மட்டும் கொஞ்சம் போயிருந்தது. நகைப் பை வைத்த இடத்தில் இருந்தது.

டீக்கடைக் குழாயைத் திறந்துவிட்டு மூத்த பணியாளர் உதவியாளரின் கையை ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்து வைத்திருந்தார். வீங்குவதற்கு முன்னால் வளையலையும் மோதிரத்தையும் கழற்றினார். யாரோ பற்பசை கொண்டுவந்து நீட்டியிருக்கிறார், அவர் வாங்கவில்லை. மருத்துவமனையில் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டார்கள். மூன்று வாரத்தில் ஆறியது, தோலின் நிறம் மட்டும் இன்னும் மாறியே இருக்கிறது.

## நான் பார்த்தவை

மறுநாள் பகல் வெளிச்சத்தில் முதலில் எம்.சி.பி.யைப் பார்த்தேன். மெயின்தான் அணைந்திருந்தது. கூடத்து பிளக்குகளுக்கான 20 ஆம்ப் எம்.சி.பி. மேலேயே இருந்தது, விழவில்லை. இதுதான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு. ஷார்ட் சர்க்யூட் என்றால் அது விழுந்திருக்கும்.

அடுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பாதி உருகியிருந்தாலும் உள்ளேயிருந்த பித்தளைத் தகடுகள் தப்பியிருந்தன. நான்கு துளைகளில் ஒன்றின் நியூட்ரல் பக்கத் தகடு மட்டும் நிறம் மாறி, பிடிப்பை இழந்து வாய் விரிந்திருந்தது. அதில் சொருகியிருந்த கன்வர்ஷன் பிளக்கின் ஒரு பின் மட்டும் கருநீலம் பாய்ந்து குழி விழுந்திருந்தது. துளையைச் சுற்றிப் புதிய கரிக்குக் கீழே பழைய பழுப்பு நிறமும் இருந்தது. அதாவது அந்த இடம் அன்றைக்கு மட்டும் சூடாகவில்லை, பல வாரமாகச் சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது. ஷார்ட் சர்க்யூட் ஆனால் ஒயரில் செம்பு உருகி முத்து முத்தாகத் திரளும், அந்த அடையாளம் எங்கும் இல்லை.

டிரையரையும் சந்தேகப்பட்டேன். அது காற்றைப் பின்பக்கமிருந்து இழுத்து, செக்கச் சிவந்த நிக்ரோம் சுருள் வழியாக முன்னால் தள்ளும் கருவி. பக்கத்தில் ஸ்பிரே அடித்தால் அந்த மூடுபனியையும் சேர்த்து இழுக்கும். இரண்டு டிரையரின் பின் வலையும் முடியும் பஞ்சும் ஸ்பிரே பிசினும் சேர்ந்து தோல் போல அடைத்திருந்தன. இது தனியாகவே ஒரு தீ விபத்துக்குப் போதும். ஆனால் அன்றைக்கு ஆரம்பம் அங்கே இல்லை. டிரையர் பிடித்திருந்த உயரத்தில் தங்கையின் தலைமுடி ஒன்றுகூடக் கருகவில்லை. பட்டது பாதமும் பாவாடை ஓரமும். மேசைப் பலகையின் கீழ்ப்பக்கம்தான் மேல்பக்கத்தைவிட ஆழமாக வெந்திருந்தது. தீ தரையிலிருந்துதான் ஏறியிருக்கிறது.

கடைசியாகக் கூடை. மூன்று டின்னில் இரண்டு வெடித்துத் திறந்திருந்தன. மூன்றாவது முழுசாக, ஆனால் காலியாகக் கிடந்தது. அதன் அழுத்தும் மூடியில் பழைய பிசின் காய்ந்து ஒட்டி, பாதி அழுந்திய நிலையிலேயே இறுகியிருந்தது. அந்த டின் முந்தின நாள் திறந்தது என்றும் பாதிக்கு மேல் இருந்தது என்றும் மூத்த பணியாளர் உறுதியாகச் சொன்னார். கசிந்த சத்தம் ஏ.சி.யிலும் இரண்டு டிரையரிலும் யார் காதில் விழும்?

## என்ன நடந்தது: என் கணிப்பு

2000 வாட் டிரையர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்ப் இழுக்கும். அதைத் தாங்க வேண்டிய துளை 6 ஆம்ப். இரண்டு டிரையரும் சேர்ந்து 16.5 ஆம்ப், அது ஒரே 6 ஆம்ப் பிளக் வழியாக, சுருட்டிக் கட்டிய மெல்லிய ஒயரில் போனது. பழைய 10 ஆம்ப் எம்.சி.பி. இருந்திருந்தால் சில நிமிடத்தில் விழுந்திருக்கும், முன்பு விழுந்தது போலவே. 20 ஆம்ப் எம்.சி.பி.க்கு 16.5 என்பது சாதாரணப் பாரம். சொல்லப்போனால் அதன் அளவைவிடச் சற்று மேலே, 22 ஆம்ப் வரை போனாலும் ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கும்படிதான் அதை வடிவமைக்கிறார்கள்.

இன்னொரு விஷயத்தைப் பார்லர் நடத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எம்.சி.பி. காவல் காப்பது ஒயருக்கு. லூஸ் காண்டாக்டை அது அறியவே அறியாது. கரண்ட் வழக்கம் போலத்தான் போகிறது, ஒரு இடத்தில் மட்டும் சிரமப்பட்டுப் போகிறது. தளர்ந்த ஒரு தகட்டில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.7 ஆம்ப் போகும்போது அங்கே ஏறக்குறைய 38 வாட் சூடு பிறக்கும். நாங்கள் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 முதல் 35 வாட்தான். அதை ஒரு தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக்குக்குள் வைத்து மூடினால் என்ன ஆகுமோ அதுதான் அந்தத் துளைக்குள் நடந்தது. மின்கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் கரண்ட் எங்கும் கசியவில்லை. மூக்கும் கையும்தான் இதைக் கண்டுபிடிக்கும். சூடான பேக்கலைட் வகைப் பிளாஸ்டிக் மீன் கவிச்சி வாடை அடிக்கும். பார்லரில் அமோனியா, வாக்ஸ், வாசனை எல்லாம் அந்த வாடையை மறைத்துவிடுகின்றன.

இது மட்டும் என்றால் பாக்ஸ் உருகியிருக்கும், ஒருவேளை துண்டு புகைந்திருக்கும். பற்றியெரிய வைத்தது ஸ்பிரே வாயு. ஹேர் ஸ்பிரே டின்னில் பிசினைக் கரைத்து வைத்திருப்பது பெரும்பாலும் ஆல்கஹால். அதை வெளியே தள்ளுவது பியூட்டேன், புரோப்பேன், அல்லது அதுபோன்ற வாயு. நம் வீட்டுச் சமையல் சிலிண்டரில் இருப்பதும் இதே இனம்தான், ஆனால் சிலிண்டர் கசிந்தால் தெரிவதற்காகச் சேர்க்கும் அந்த நாற்றம் இதில் இருக்காது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, புரோப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தரையில் தேங்கும். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கத் தயார்.

மேசைக்கு அடியில் இருந்த இடத்தை அளந்தேன். நான்கடி நீளம், ஒன்றரை அடி ஆழம், இரண்டரை அடி உயரம். சுமார் 425 லிட்டர். அதில் 2 சதவீதம் என்றால் எட்டரை லிட்டர் வாயு, எடையில் ஏறக்குறைய 20 கிராம். பாதிக்கு மேல் இருந்த ஒரு டின்னில் அதைவிட அதிகமாகவே இருக்கும். திறந்த கூடத்தில் கசிந்திருந்தால் ஏ.சி. காற்று கலைத்திருக்கலாம். சாட்டின் துணி அதை ஒரு பெட்டிக்குள் வைத்தது போல வைத்துவிட்டது. அந்தப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்த டிரையரின் பிளக்கை இழுத்தபோது பின்னுக்கும் தகட்டுக்கும் நடுவே தீப்பொறி பறந்தது. லோடோடு எந்தப் பிளக்கை இழுத்தாலும் அது பறக்கும்.

அந்தப் பெண் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கருகும் வாடை வந்தால் பிளக்கைப் பிடுங்கு என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நம் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறோம். சரியான வரிசை வேறு: முதலில் எம்.சி.பி.யை அணைக்க வேண்டும். பிறகு கதவைத் திறந்து, பத்து நிமிடம் கழித்துத்தான் பிளக்கைத் தொட வேண்டும்.

## சாமான் அறையில் கண்டது

தீ அங்கே போகவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்காக மட்டும் இதை எழுதுகிறேன். ஒரே அலமாரியில் மேல்தட்டில் டெவலப்பர் பாட்டில்கள், கீழ்த்தட்டில் நெயில் பாலிஷ் அகற்றும் அசிட்டோன் கேன், அதன் பக்கத்தில் ஸ்பிரே பெட்டிகள். டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. 20 வால்யூம் என்றால் 6 சதவீதம், 40 வால்யூம் என்றால் 12. பிளீச் பவுடரில் பெர்சல்பேட் உப்புகள். இவை தாமே எரிபவை அல்ல, ஆனால் எரியும் பொருளுக்கு ஆக்சிஜன் ஊட்டும்.

ஒரு 40 வால்யூம் பாட்டில் பலூன் போல உப்பியிருந்தது. விசாரித்தபோது, கிண்ணத்தில் மீந்த டெவலப்பரை வீணாக்க வேண்டாம் என்று பாட்டிலிலேயே திரும்ப ஊற்றும் பழக்கம் இருப்பது தெரிந்தது. கிண்ணத்திலிருந்து கலரோ பிளீச்சோ கொஞ்சம் கூடப் போனாலும் பெராக்சைடு சிதைய ஆரம்பிக்கும், ஆக்சிஜன் வெளியாகும், மூடி இறுக்கமாக இருந்தால் பாட்டில் உப்பும். அதை வெளியே திறந்த இடத்துக்கு எடுத்துப்போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியை மெதுவாகத் தளர்த்தி, நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டச் சொன்னேன்.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

கடை பத்தொன்பது நாள் மூடியிருந்தது. உரிமையாளருக்குச் செலவு குறைவாக முடிய வேண்டும் என்ற நெருக்கடி. அதனால் எதை முதலில் செய்வது என்று உட்கார்ந்து பேசினோம்.

முதலில் வயரிங். ஒவ்வொரு கண்ணாடிக்கும் மீட்டர் பலகையிலிருந்து தனித்தனியாக இரண்டரை எம்எம் ஒயர், தனியாக 16 ஆம்ப் எம்.சி.பி., ஒரு 16 ஆம்ப் பவர் பிளக். அதோடு ஸ்ட்ரெய்ட்னருக்கும் டாங்ஸுக்கும் ஒரு 6 ஆம்ப். உரிமையாளர் இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்டார்: ஸ்ட்ரெய்ட்னர்தானே அதிகச் சூடு, அதற்கல்லவா பெரிய பிளக் வேண்டும்? அப்படியில்லை. ஸ்ட்ரெய்ட்னர் 200 டிகிரிக்கு மேல் போனாலும் இழுக்கும் கரண்ட் கொஞ்சம்தான், அதன் ஆபத்து அதை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. டிரையரின் ஆபத்து அது இழுக்கும் கரண்டில். எத்தனை பிளக் சொருகியிருக்கிறது என்று எண்ணுவதைவிட எது சொருகியிருக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

பிளக்குகளை மேசைக்கு மேலே, தரையிலிருந்து நான்கடி உயரத்தில், கண்ணாடிக்குப் பக்கவாட்டில் வைத்தோம். கண்ணுக்குத் தெரியும், கை எட்டும், வாயு தேங்கும் உயரத்தில் இருக்காது. பார்வைக்கு நன்றாக இருக்காது என்று அவர் தயங்கினார். எரிந்த பாக்ஸைக் காட்டினேன், ஒத்துக்கொண்டார். சாட்டின் துணி போயிற்று. தலை கழுவும் இடம் இருப்பதால் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. போட்டோம். அது ஷாக்குக்குத்தான், இந்த மாதிரித் தீக்கு இல்லை என்பதையும் சொல்லித்தான் போட்டேன். மொத்த லோடு கூடுவதால் மின்வாரியத்தில் அதற்கும் விண்ணப்பித்தார்.

ஸ்பிரே விஷயத்தில் மூத்த பணியாளர்தான் வழி சொன்னார். ஒரு நேரத்தில் ஒரு டின் மட்டும் வெளியே, அது மேசைமேல் நிற்க வேண்டும், கூடையில் படுக்கக் கூடாது. மூடியை இரவில் துடைத்து வைக்க வேண்டும். ஸ்பிரே அடிக்கும்போது பக்கத்து நாற்காலியில் டிரையர் நிற்க வேண்டும், எக்ஸாஸ்ட் ஓட வேண்டும். அடித்த தலையில் ஈரம் முழுசாகக் காயும்வரை டாங்ஸோ டிரையரோ படக் கூடாது. ஆல்கஹால் பறந்துபோக அந்த நேரம் தேவை. காலையில் சாமி படத்துக்கு ஏற்றும் விளக்கும் ஊதுபத்தியும் கூடத்திலிருந்து படிக்கட்டு முகப்புக்கு மாறின, கதவு திறக்கும் முன்பே பூஜை முடிந்துவிடும்.

தீயணைப்பானை முன்கதவுக்குப் பக்கத்தில் மாட்டினோம். உள்ளேயிருந்தால் அதை எடுக்கத் தீயை நோக்கிப் போக வேண்டும். வாசலில் இருந்தால் முதுகுக்குப் பின்னால் வழி திறந்திருக்கும். கூடத்தில் புகை உணரும் கருவி வைத்தால் ஸ்பிரேக்கே கத்தும், இரண்டு நாளில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அதனால் கூடத்தில் வெப்பம் உணரும் வகை, சாமான் அறையில் புகை உணரும் வகை.

## நான் மாற்றிச் செய்திருக்க வேண்டியது

அந்தத் தீக்கு மூன்று மாதம் முன்பு, எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டார்கள். போனேன், சரி செய்தேன். பலகையைத் திறந்தபோது ஒன்றரை எம்எம் ஒயர் 20 ஆம்ப் எம்.சி.பி.க்குள் போவதைக் கண்ணால் பார்த்தேன். "அக்கா, இதை மாத்தணும்" என்று சொன்னேன். "சீசன் முடியட்டும் தம்பி" என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன்.

அன்றைக்கே 10 ஆம்ப் எம்.சி.பி.யைத் திரும்ப மாட்டியிருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. அது விழுந்துகொண்டே இருந்திருக்கும், அவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள், ஆனால் இரண்டு டிரையரை ஒன்றாகப் போட முடியாமல் வயரிங் வேலைக்கு வந்திருப்பார்கள். குறைந்தது மேசைத் துணியை விலக்கி அந்தப் பாக்ஸைப் பார்த்திருக்க வேண்டும். பழுப்பு நிறம் அப்போதே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது எந்தப் பார்லருக்கு என்ன வேலைக்குப் போனாலும், டிரையர் பத்து நிமிடம் ஓடிய பிறகு பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால் அந்தத் துளை அன்றைக்கே போய்விட்டது.

## ஆறு மாதம் கழித்து

போய்ப் பார்த்தபோது பிளக்குகள் குளிர்ச்சியாக இருந்தன. டிரையர் வலைகளை வாரம் ஒருமுறை சுத்தம் செய்கிறார்கள். அந்த உதவியாளர் திரும்பி வந்து வேலை செய்கிறார், திங்கட்கிழமைதோறும் பிளக்கைத் தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவது அவர்தான். மல்டிபிளக் ஒன்று போன் சார்ஜருக்காகத் திரும்ப முளைத்திருந்தது, அதில் டிரையர் சொருக முடியாத வகை என்பதால் விட்டுவிட்டேன். ஸ்பிரே பெட்டிகள் இடமில்லை என்று தலை கழுவும் இடத்து கீஸருக்குக் கீழே வந்திருந்தன. டின்னில் 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி, அன்றே மாற்ற வைத்தேன்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை. உள்ளறை ஜன்னலின் கம்பியை வெட்டி, உள்ளேயிருந்து திறக்கும்படி கீல் வைத்த கிரில்லாக மாற்றக் கேட்டிருக்கிறோம். அன்றைக்குத் தீ இன்னும் இரண்டடி உயரமாக இருந்திருந்தால் மணப்பெண்ணுக்கு வேறு வழி கிடையாது. திருட்டுப் பயம் என்று வீட்டு உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. அதுவரை, கூடத்தில் டிரையர் ஓடும் நேரத்தில் உள்ளறையில் யாரையும் உட்கார வைப்பதில்லை என்று வைத்திருக்கிறார்கள். முகூர்த்த நாளில் அதைக் கடைப்பிடிப்பது கஷ்டம் என்று அவர்களே சொல்கிறார்கள். அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதை எழுத்தில் கேட்கப் போகிறார் அக்கா. வெல்டரிடம் விலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.